அவருக்குத் தெரியாத அந்த ஆறாவது நொடி

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் சில வருடம் எடிட்டராக இருந்தேன். முதல் சுற்றுத் தேர்வில் மோசமாகப் பாடுகிறவர்களின் பகுதியை வெட்டி ஒட்டுவதுதான் எனக்கு அதிகம் வந்த வேலை. முன்பின் தெரியாத ஒருவர் திரையில் அவமானப்படும்போது நமக்கு ஏன் உடம்பு கூசுகிறது என்று அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

ஒருவர் மட்டும் இன்னும் மனதில் நிற்கிறார். நடுத்தர வயது, கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினார், சுருதி ஒரு பக்கம் போக அவர் ஒரு பக்கம் போனார். முதலில் தூரத்தில் இருந்த ஒரே கேமராவின் காட்சியை வெட்டாமல் நாற்பது நொடி போட்டுப் பார்த்தேன். பக்கத்து இருக்கை நண்பர் பார்த்துவிட்டு, "சரி, பாட வரல, அவ்வளவுதானே" என்றார். அவர் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை.

இது போதாது, நடுவர்கள் முகத்தைக் காட்டு என்று மேலே இருந்து சொன்னார்கள். ஆறாவது நொடியில் இரண்டு நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஷாட்டைச் செருகினேன். அது அந்த மனிதர் பாடும்போது எடுத்ததுகூட இல்லை, வேறு யாரோ வந்தபோது எடுத்தது. அப்புறம் மறுபடி அவருடைய மூடிய கண்கள், க்ளோஸ்-அப்பில். இந்தத் தடவை அதே நண்பர் பாதியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "ஐயோ, நிறுத்துப்பா" என்றார். பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மற்றவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது, மாறியது அவ்வளவுதான்.

அவர் வெட்கப்படுவதைப் பார்த்து அது நமக்குத் தொற்றிக்கொள்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர்தான் வெட்கப்படவே இல்லையே, சந்தோஷமாக அல்லவா பாடிக்கொண்டிருந்தார்! ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சோரன் கிராக்கும் அவருடைய குழுவும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. பேன்ட் ஜிப் திறந்திருப்பது தெரியாமலே நடப்பவர் மாதிரி, தன் நிலைமையை உணராத ஆளைப் பார்த்தாலும் பார்ப்பவருக்குக் கூச்சம் வருகிறது. அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் அப்போதும் வேலை செய்வதை ஸ்கேனில் பார்த்தார்கள். அவர் படவேண்டிய வெட்கத்தை, அவர் இடத்தில் நின்று, நாம் படுகிறோம்.

இதைப் படித்த பிறகு அந்தப் பகுதியை முழுசாக மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாட்டின் கடைசியில் அவர் கண்ணைத் திறக்கிறார், நடுவர்கள் முகத்தைப் பார்க்கிறார், சிரிப்பு மெதுவாக இறங்குகிறது. அந்த இடத்தில் எனக்கு வந்தது வேறு உணர்ச்சி, பாவம் என்ற வருத்தம். பார்க்க முடியாமல் நெளிந்தது எல்லாம் அதற்கு முன்னால், அவருக்குத் தெரியாமல் இருந்த நொடிகளில்தான்.

திரையில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. நேரில் ஒருவர் தடுமாறினால் நாம் சும்மா இருப்பதில்லை, வேறு பக்கம் பார்ப்போம், இருமுவோம், பேச்சை மாற்றுவோம், முடித்ததும் லேசாகக் கை தட்டுவோம். இப்படி ஒருவர் மானத்தை இன்னொருவர் காப்பாற்றிக் கொடுப்பதைப் பற்றிச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். திரைக்கு முன்னால் அதில் ஒன்றையும் செய்ய முடியாது. நாம் முகத்தைத் திருப்பினாலும் கேமரா திருப்பாது. வேறு பக்கம் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் அது இன்னும் கிட்டே போகிறது, போக வைப்பது நான்தான்.

எடிட்டிங் அறையில் நாள் முழுக்க அதையே பார்த்தும் எனக்கு ஏன் மரத்துப் போனது என்பதும் அப்புறம் புரிந்தது. 1987-ல் உளவியலாளர் ரோலண்ட் மில்லர் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒருவர் சங்கடமான காரியங்களைச் செய்ய, பார்ப்பவர்களில் சிலரிடம் அவர் என்ன உணர்கிறார் என்று கற்பனை செய்யச் சொன்னார், சிலரிடம் அசைவுகளை மட்டும் கவனிக்கச் சொன்னார். கற்பனை செய்தவர்களுக்குத்தான் அதிகம் கூசியது. நான் பார்த்ததும் அசைவுகளைத்தான்: உதடு எங்கே மூடுகிறது, எந்த ஃபிரேமில் வெட்டலாம். சாப்பாட்டு நேரத்தில் வேறு யாரோ வெட்டிய அதே மாதிரி காட்சியை போனில் பார்த்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அந்த மனிதரின் பகுதியில் கடைசியில் ஒன்றுதான் செய்ய முடிந்தது. செருகிய நடுவர் ஷாட்டை ஆறாவது நொடியிலிருந்து எடுத்து, அவர் கண் திறக்கும் இடத்துக்கு அப்புறம் வைத்தேன். மேலே இருந்தவர் பார்த்துவிட்டு, சுவாரசியம் குறைந்துவிட்டது என்று பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன், அப்படியேதான் ஒளிபரப்பானது.