சாப்டுட்டு வாங்க

ஃப்ளெக்ஸ் கடையில டிசைனரா இருக்கேன், காலேஜ் ரத்த தான கேம்புக்கு என்எஸ்எஸ் பசங்க மேட்டர் எழுதிட்டு வருவாங்க, எல்லாத்துலயும் "உதிரம் கொடுப்போம் உயிர் காப்போம்"னு ஒரு வரி, ஒரு பெரிய சிவப்பு சொட்டு, சிறப்பு விருந்தினர் பேரு, தேதி. நானும் பத்துக்கு நாலுல அப்படியேதான் அடிச்சு குடுத்துட்டு இருந்தேன்.

ஒரு வருஷம் பேனர் கட்டப் போனவன் நானும் குடுக்கலாம்னு லைன்ல நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு மெஷின்ல ஏறினா 43 கிலோ. 45 இருந்தாதான் எடுப்பாங்க. அடுத்து ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன், 18 ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கையில புதுசா டாட்டூ போட்ட ஒருத்தன், ஒரு வருஷம் கழிச்சு வரச் சொன்னாங்க. இவங்க எல்லாருமே கிளாஸ கட் பண்ணிட்டு ஆசையா வந்தவங்க. அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிப் போய் நின்னதுதான் எனக்கு மறக்கவே இல்ல.

ஆனா மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது காலையில சாப்டாம வந்த பசங்கதான். லேப்ல சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போவோம்ல, அதே மாதிரின்னு நெனச்சுட்டாங்க. சாப்டாம குடுத்தா மயக்கம் வரும்னு திருப்பி அனுப்புனாங்க. பிளட் பேங்க் கவுன்சிலர் அக்கா, "தம்பி, இத பேனர்ல போட்டிருந்தா பாதி பேர் மெஸ்ல சாப்டுட்டே வந்திருப்பாங்க"ன்னாங்க.

அடுத்த வருஷம் பசங்ககிட்ட பேசி போஸ்டர் தனியா போட்டோம். முதல் ப்ரூஃப்ல மேல் வரி "வெறும் வயிற்றில்", கீழ் வரி "வர வேண்டாம்"னு உடைஞ்சிருந்துச்சு. பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி பத்தடி தள்ளி நின்னு பாத்தேன், மேல் வரி மட்டும்தான் கண்ணுல படுது, படிச்சா வெறும் வயித்தோட வரச் சொல்ற மாதிரியே இருக்கு. தமிழ்ல "வேண்டாம்" கடைசியிலதானே வரும், அதனால வேண்டாங்குற வாக்கியமே வேண்டாம்னு முடிவு பண்ணி "நல்லா சாப்டுட்டு வாங்க"ன்னு ஒரே வரியில பெருசா வச்சேன். அதுக்கு கீழ வயசு 18 ஆகியிருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும், டாட்டூ போட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கணும், மாத்திரை எடுக்குறவங்க டேபிள்லயே சொல்லுங்க, அவ்ளோதான். சிறப்பு விருந்தினர் பேர் பேனர்லயே இருக்கட்டும்னு விட்டாச்சு.

ஒட்டுற இடமும் மாறுச்சு. வழக்கமா மெயின் கேட்லதான் ஒட்டுவாங்க, கேம்ப் அன்னைக்கு காலையில அங்க பாத்து என்ன பிரயோஜனம், அதனால ரெண்டு நாள் முன்னாடியே ஹாஸ்டல் மெஸ்ல தட்டு எடுக்குற இடத்துக்கு நேரா ஒட்டச் சொன்னேன்.

அந்தத் தடவையும் சில பேர் திரும்பினாங்க, ஹீமோகுளோபின் 12.5க்கு கீழ இருந்தா போஸ்டரால ஒண்ணும் பண்ண முடியாது, அது விரல்ல குத்திப் பாத்தாதான் தெரியும். ஆனா சாப்டாம வந்தவங்க நான் நின்ன வரைக்கும் ஒருத்தர்தான், அவரும் ஹாஸ்டல் இல்ல, வீட்டுலருந்து பஸ்ல வர்றவரு. இந்த வருஷம் ரெண்டு போஸ்டர் காலேஜ் பஸ்ஸுக்குள்ள ஒட்டுறதுக்கு அடிச்சிருக்கோம்.