ஆறு மாதம் தவணை கட்டவில்லை: மொராட்டோரியத்தில் எங்கள் வீட்டுக்கடன் கணக்கு

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்று அறிவித்தபோது, அது யாருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ எனக்கு நன்றாகவே பொருந்தியது. நான் கல்யாண வீடுகளில் புகைப்படம் எடுப்பவன். ஊரடங்கு வந்ததும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை. வீட்டுக்கடன் தவணையோ மாதக் கடைசி நாளில் கணக்கிலிருந்து தானாகப் போகும்.

அந்தச் சமயத்தில் எங்கள் கடனின் நிலவரம் இது: அசல் பாக்கி 20 லட்சம், வட்டி ஆண்டுக்கு 8.4 சதவீதம், இன்னும் 180 தவணை, மாதம் 19,578 ரூபாய். பாக்கியை மட்டும் முழுத் தொகையாக்கிச் சொல்கிறேன். கணக்கு பார்க்க எளிதாக இருக்கும்.

8.4 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.7. இருபது லட்சத்துக்கு மாத வட்டி 14,000. அதாவது 19,578 கட்டினால் அதில் 14,000 வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது ஐந்தாயிரத்துச் சொச்சம்தான். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

மொராட்டோரியம் என்கிற இந்த ஒத்திவைப்பு நிறுத்தி வைப்பது தவணை கேட்பதை. அந்தக் காலத்தில் கட்டாமல் இருந்தால் தாமதக் கட்டணம் கிடையாது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எண்ணுகிற கணக்கில் அந்த நாட்கள் சேராது. கடன் மதிப்பெண்ணிலும் தவறியதாகப் பதிவாகாது. வட்டி மட்டும் ஒரு நாள்கூட நிற்காது. பாக்கி அசல் மீது வட்டி தொடர்ந்து சேரும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையிலேயே தெளிவாக இருந்தது. ஆனால் டிவியில் ஓடிய தலைப்புச் செய்தியைப் பார்த்தவர்கள் பலர் மூன்று மாதம் கடனே இல்லை என்கிற மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வங்கி சொன்னபடி மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். அறிவிப்புக்கும் மார்ச் தவணைக்கும் நடுவில் நாலே நாள். விண்ணப்பம் ஏறுவதற்குள் தானியங்கிப் பிடித்தம் போய், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி வந்தது. சேமிப்புக் கணக்கில் அதற்கு ஒரு கட்டணமும் பிடித்துவிட்டார்கள். விண்ணப்பத் தேதியைக் காட்டி எழுதியதும் கட்டணம் திரும்ப வந்தது. கடன் கொடுத்த கிளை ஒப்புக்கொள்வது வேறு, பிடித்தம் நிற்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மே மாதம் ரிசர்வ் வங்கி இன்னும் மூன்று மாதம், ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தபோதும் தனியாக இன்னொரு விண்ணப்பம் கொடுத்தேன்.

செப்டம்பரில் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால் பாக்கி 20,85,484. கட்டாத மாத வட்டி அடுத்த மாதம் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி போட்டதால் வந்த தொகை இது. தனி வட்டியாகப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு 84,000. வட்டிக்கு வட்டி 1,484 ரூபாய் மட்டுமே.

உச்ச நீதிமன்றத்தில் நடந்த, நாடே பேசிய வழக்கு இந்த வட்டிக்கு வட்டியைப் பற்றியது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு இந்த வித்தியாசத்தை அரசே தருவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. நவம்பரில் எங்கள் கணக்கிலும் வந்தது. மொராட்டோரியம் எடுக்காமல் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். அப்புறம் 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், கடன் எவ்வளவாக இருந்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று சொன்னது. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்யும் கோரிக்கையை ஏற்கவில்லை. நியாயமான தீர்ப்புதான், ஆனால் என் பையில் பெரிய ஓட்டை இருந்தது வேறு இடத்தில்.

கிளையில் கேட்டபோது மேலாளர், "தவணைத் தொகை மாறாது சார், காலம் மட்டும் கொஞ்சம் நீளும்" என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று புதிய அட்டவணை கேட்டு வாங்கினேன். 180 தவணை பாக்கி இருந்த இடத்தில் இப்போது 196 தாண்டியிருந்தது. கட்டாதது ஆறு, கூடியது பதினாறு. ஏனென்றால் 85,484 ரூபாய் கடனின் கடைசிவரை கூடவே வந்து வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும். தவணை அதே 19,578ஆக இருப்பதால் அதை அடைக்கத் தனியாகப் பணமே ஒதுக்கப்படுவதில்லை. வட்டி விகிதம் மாறாமல் இருந்தால், மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது ஏறத்தாழ 3 லட்சத்து 18 ஆயிரம். மொராட்டோரியத்தின் விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே கடனுக்கு இன்னொரு வழியும் இருந்தது. பழைய முடிவுத் தேதியை மாற்றாமல் தவணையை உயர்த்தினால், 174 மாதத்துக்கு 20,768 கட்ட வேண்டும். மாதம் 1,190 தான் கூடுதல். அப்படிச் செய்தால் மொத்தக் கூடுதல் சுமார் 90 ஆயிரத்தில் நின்றுவிடும். வங்கி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை. காலத்தை நீட்டுவதை அதுவாகவே போட்டுவிட்டது.

அப்போது மாதம் 1,190 கூட எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. கல்யாணங்கள் ஐம்பது பேரோடு முடிந்துகொண்டிருந்தன, ஆல்பமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அதனால் நீட்டிப்பையே ஏற்றுக்கொண்டு செப்டம்பரிலிருந்து பழைய தவணையைக் கட்டினேன். தை, மாசி முகூர்த்தங்களில் கை கொஞ்சம் நிமிர்ந்ததும், மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, 2021 மார்ச்சில் 89,000 ரூபாயைக் கடன் கணக்கில் பகுதியாகக் கட்டினோம். சேர்ந்த 85,484ம் அதன் ஆறு மாத வட்டியும் ஏறத்தாழ அவ்வளவுதான். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. அதைத் தைரியமாகச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் எழுத்தில் கொடுத்தோம்: இந்தப் பணத்துக்குத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று. கேட்காமல் விட்டால் தவணையைக் குறைத்துவிட்டு நீண்ட காலத்தை அப்படியே வைத்துவிடவும் கூடும். அடுத்து எடுத்த அட்டவணையில், செப்டம்பருக்குப் பின் கட்டிய தவணைகள் போக, பாக்கி 174க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. கூடியிருந்த பதினாறும் போயிற்று.

கிரெடிட் கார்டு பாக்கிக்கும் இந்த ஒத்திவைப்பு கிடைத்தது. கூடவே வேலை பார்க்கும் வீடியோகிராபர் தம்பி அதை எடுக்கப் போனான், வேண்டாம் என்றேன். மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிற கடனை ஒத்திவைப்பதைவிட, கைநகையை அடகு வைத்து அதை அடைப்பது மலிவு.

கடன் வாங்கும்போது சேர்த்து எடுத்த ஆயுள் காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் கடன் குறையக் குறைய அந்தக் காப்பீட்டுத் தொகையும் பழைய அட்டவணைப்படி குறைந்துகொண்டே வரும், பழைய தேதியிலேயே முடிந்துவிடும். மொராட்டோரியத்தால் நீண்ட மாதங்களுக்கும், கூடிய பாக்கிக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. காப்பீட்டுக்காரரிடம் கேட்டபோது நீட்டிக்க வழியில்லை என்றார்கள்.