எந்தப் பக்கம் அதக்குவீங்க?

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தோதான காலம் மீன்பிடி தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற மாதங்களில் முகாம் போட்டால் வீட்டிலிருப்பவர்கள் வருவார்கள். புகையிலை போடுகிற ஆள் கடலில் இருப்பார். தடைக்காலத்தில் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிறவர்களிடம் நாமே போய்விடலாம். இரண்டு வாரம் கழித்து அதே ஆளைத் திரும்பப் பார்க்கவும் முடியும்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பக்கம் அதக்குவீங்க?" ராத்திரி கடலில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கொடுப்புக்குள் வைத்து மணிக்கணக்கில் ஊறவிடுவார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோட்டின் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். கோளாறு பெரும்பாலும் அது ஊறுகிற இடத்திலேயே தொடங்குகிறது. ஆனால் வாயைக் காட்டச் சொன்னால் எல்லோரும் நாக்கைத்தான் நீட்டுவார்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒரே படகில் போகிற இரண்டு பேரை அப்படிப் பார்த்தேன். முதல் ஆளுக்கு இடது கீழ்ப்பள்ளத்தில் வெள்ளைப் படலம், அலை வடிந்த மணல் மாதிரி வரி வரியாக. பஞ்சுத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பூஞ்சைப் படலமாக இருந்தால் துணியோடு வந்துவிடும்; இது வரவில்லை. கண்ணாடியில் காட்டியதும் மனுஷன் வெலவெலத்துப்போனார்.

இரண்டாமவர் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வெள்ளை கொஞ்சம்தான். அதன் பின்விளிம்பில் பட்டாணி அளவுக்குச் சிவப்பு. "அது வெத்தலைச் சாயம் டாக்டரம்மா, எரிச்சல்கூட இல்ல" என்றார். கொப்பளிக்கச் சொல்லித் துடைத்தேன். சாயம் துணியில் வந்தது, சிவப்பு அப்படியே இருந்தது. எனக்குப் பயம் இவரைப் பார்த்துத்தான். வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. சிவப்பு, அல்லது வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு, அப்படி விட்டுவைக்கக் கூடியதல்ல. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வலியை நம்பி இருப்பவர்கள்தான் எங்களிடம் தாமதமாக வந்து சேர்கிறார்கள்.

முதல் ஆளிடம் புகையிலையை அடியோடு நிறுத்திவிட்டு இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன். வந்தார், படலம் பாதியாகக் குறைந்து மெலிந்திருந்தது. சிறிதும் குறையாமல் இருந்திருந்தால் அவருக்கும் பயாப்சிதான். இரண்டாமவரைக் காத்திருக்க விடவில்லை, உடனே பயாப்சிக்கு அனுப்பினேன். சதையை வெள்ளையிலிருந்து எடுத்தால் போதாது, சிவப்பிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தேன். முடிவு, செல்களில் நடுத்தர அளவு மாற்றம், புற்றுநோய் இல்லை. திட்டை வெட்டி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் திரும்ப வரலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்.

ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒரே வாதம். "புகையிலைய விட்டாச்சும்மா, பாக்கு மட்டுந்தான்." உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு இன்னொரு வேலையும் செய்யும். கன்னத்தின் உட்தோலில் நார் படிந்து வெளிறி இறுகும். முதலில் காரம் பட்டால் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும். இதை வீட்டிலேயே அளக்கலாம். நடு மூன்று விரல்களைச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக விடவேண்டும். அவரவர் விரலால்தான் அளக்கவேண்டும். முன்பு மூன்று போன வாயில் இப்போது இரண்டுதான் போகிறதென்றால் காட்டவேண்டும். பாக்கை நிறுத்தினால் இறுக்கம் மேலும் கூடுவது மட்டுப்படும். இறுகியது தானாக இளகிவிடாது.

மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். செல்போன் வெளிச்சமும் கண்ணாடியும் போதும். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு நன்றாகக் கொப்பளித்து, அதக்குகிற பக்கத்தை முதலில், கன்னத்தை விரலால் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மறுகன்னம், உதட்டின் உட்புறம், மேல்வாய். நாக்கைத் துணியால் பிடித்து இரு ஓரமும், தூக்கி அடிப்பக்கமும். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்: தடவும்போது ஓரிடம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ வரவேண்டும். ஒன்றும் தென்படாவிட்டாலும் முகாமுக்கு வருவதை நிறுத்தக்கூடாது, கடைவாய்க்குப் பின்னால் தன் கண்ணுக்கு எட்டாது.

கடைசியாக வந்தபோது இரண்டாமவருக்கு மூன்று விரலும் உள்ளே போனது, வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது. பாக்கை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார். பல்லில் புதுச் சாயம். அடுத்த தேதியை மூன்று மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.