காலையில் 162, இரவில் 84: குடியும் பிறசர்க் குளிசையும்

ஏப்ரல் 3

கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்யும் ஒருவர், 54 வயது. பிறசருக்குக் காலையில் லொசார்டான் 50 மில்லிகிராம், காலையும் மாலையும் நிபெடிப்பின் 20 மில்லிகிராம். கிளினிக்கில் காலை ஒன்பது மணிக்கு எடுத்த பிறசர் 162/98. ஒரு நாளும் குளிசை தவறவில்லை என்கிறார், அட்டையில் எண்ணிப் பார்த்தாலும் சரியாக இருக்கிறது. எனவே இரவுக்குப் பிறசோசின் 1 மில்லிகிராம் சேர்க்கப்பட்டது.

"குடிக்கிறனீங்களோ ஐயா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றிருந்தார். அந்தக் கேள்வியே பிழை. "நேற்று எத்தனை மணிக்கு, எவ்வளவு எடுத்தனீங்கள்?" என்று கேட்டிருந்தால், ஏழு மணிக்குக் கால் போத்தல் சாராயம், அநேகமாக ஒவ்வொரு நாளும், என்ற பதில் வந்திருக்கும். மனைவி பிறகு சொன்னது அதுதான்.

ஏப்ரல் 5

கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். 33 சதவீதச் சாராயம் என்றால் அதற்குள் சுத்த மதுசாரம் ஏறத்தாழ 47 கிராம். ஒரு போத்தல் கள்ளில், 5 சதவீதம் என்று வைத்தால், 30 கிராம். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அது பிறசரை ஒன்றும் செய்யாது என்ற பேச்சு இங்கே நிறைய. அளவு கூடினால் கள்ளும் சாராயமும் இரத்தக் குழாய்க்கு ஒன்றுதான்.

30 கிராமுக்கு மேல் குடித்தால் முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை பிறசர் இறங்கி நிற்கும். குழாய்கள் விரிந்துவிடும், சிறுநீரும் கூடப் போகும். பதின்மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு அது எதிர்ப்பக்கம் திரும்பும். மதுசாரம் வடிய நரம்புத் தூண்டல் கூடி, குழாய்கள் சுருங்கி, நாடி வேகமாகி, பிறசர் ஏறும். நாள்தோறும் குடிப்பவருக்கு இந்த ஏற்றமே நிலையாகிவிடும்.

இரவு ஏழுக்குக் குடித்தவர் காலை ஒன்பதுக்குக் கிளினிக் வாங்கில் இருக்கிறார். இடையில் பதினான்கு மணித்தியாலம். நாங்கள் அளப்பது ஏறிய பக்கத்தை மட்டும். அதைப் பார்த்துக் கூட்டிய குளிசை வேலை செய்யப்போவது இறங்கிய பக்கத்தில்.

ஏப்ரல் 8

பயந்தது நடந்தது. இரவு ஒன்பதரை போல, சாப்பிட்டுப் பிறசோசினும் போட்டு, கொஞ்சம் படுத்துவிட்டு, சிறுநீர் கழிக்க எழும்பி முற்றத்தில் விழுந்திருக்கிறார். வீட்டில் டிஜிட்டல் பிறசர் மெசின் இருந்தது. படுத்தபடி 112/68. எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் 84/54, கண் இருட்டுகிறது என்றார்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே நிலைமாறும்போது வரும் பிறசர் வீழ்ச்சி. இவருக்கு 28. ஐந்து நிமிடம் படுத்து அளந்து, நின்றதும் ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கும், உடனே குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். அந்தச் சுருக்கத்தைச் சாராயமும் தடுக்கிறது, பிறசோசினும் தடுக்கிறது, நிபெடிப்பினும் குழாயை விரிக்கிறது. பகல் முழுக்க வெயிலில் வியர்த்த உடம்பில் தண்ணீரும் குறைவு.

விழுந்தவரைத் தூக்கி இருத்தவே கூடாது. படுக்க வைத்து, கால்களை உயர்த்த வேண்டும். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால், தலை அடிபட்டிருந்தால், நெஞ்சு நொந்தால், வாய் கோணினால் 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். "வெறியிலை கிடக்கிறார், விடுங்கோ" என்று விடியும்வரை விட்ட தலைக்காயங்கள்தான் எனக்கு மிகவும் கவலை. நீரிழிவுக் குளிசையும் போடுபவர் என்றால் உடனே சீனியும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 10

"குடிக்கிற அன்றைக்குக் குளிசையை விடட்டோ?" என்று மனைவி கேட்டார். விடக் கூடாது. விட்டால் மறுநாள் காலை ஏற்றத்துக்குத் தடையே இல்லை. அற்றெனலோல் என்ற பிறசர்க் குளிசை போடுபவர் அதைத் திடீரென விட்டால் நெஞ்சுவலிகூட வரலாம். வைத்தியர் பிறசோசினை நிறுத்தி, மற்றவற்றைத் தொடரச் சொன்னார். குறைக்க வேண்டியது சாராயம்.

ஆனால் அதையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் ஆறு மணித்தியாலத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை, பதட்டம் தொடங்கும், பிறசரும் ஏறும். இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம். காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு விட்டால்தான் நிற்கிறது என்பவர் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். இவருக்கு அந்த நடுக்கம் இல்லை. வைத்தியர் சொன்னபடி ஒரு கிழமைக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்.

மே 6

நிறுத்தி மூன்று கிழமை. காலை 128/78. ஆனால் நேற்று, குடிக்காமலே, வரம்பில் குனிந்து நிமிரும்போது தலைச்சுற்று என்கிறார். நின்று அளந்தால் 104/66. குடி ஏற்றி வைத்த பிறசருக்குக் கொடுத்த குளிசை இப்போது அதிகமாகிவிட்டது. மாலை நிபெடிப்பினை வைத்தியர் நிறுத்தினார். இரண்டு கிழமையில் மறுபடி படுத்தும் நின்றும் அளக்க அட்டையில் திகதி போட்டிருக்கிறது.