அப்பாவின் நோட்டு, தேதிவாரியாக

ஜூலை 14, திங்கள்

இந்த வாரமும் ஆபரேஷன் இல்லை. சர்க்கரை இறங்கினால்தான் தேதி கொடுப்பார்களாம். அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த நோட்டெல்லாம் எடுத்துட்டு வாம்மா" என்றார்.

ரயில்வேயிலிருந்து ரிடையர் ஆன பிறகு எழுதியவை. கோடு போட்ட நீள நோட்டுகள். எதிலும் தேதி கிடையாது. ஒரு பக்கத்தில் பள்ளிக்கூடம், அடுத்த பக்கத்தில் என் கல்யாணம், அதற்குக் கீழேயே தாத்தா மாடு விற்ற கதை. ஞாபகம் வந்த வரிசையில் கொட்டி வைத்திருக்கிறார். அதை வாழ்க்கை வரிசைக்குக் கொண்டுவந்து, எந்த அத்தியாயத்தில் எது என்று ஒரு திட்டமாவது போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இப்போதே வேண்டும் என்கிறார்.

ஜூலை 15

முதல் வேலை, எல்லாப் பக்கத்துக்கும் பென்சிலால் எண் போட்டேன். எந்த வரியை எங்கிருந்து எடுத்தேன் என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியாவிட்டால் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம் படித்துக்கொண்டே சம்பவங்களை மட்டும் கோடிட்டேன். "ரேடியோப் பெட்டி வாங்கின அன்னைக்கு ராத்திரி யாருமே தூங்கல" என்பது சம்பவம். ஒரு நாள் நடந்தது, அதற்குத் தேதி உண்டு. "லீவு விட்டா மண்ணச்சநல்லூர்தான்" என்பது வழக்கம். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்றுதான் கேட்கலாம். "அப்ப மனுஷங்க மனுஷங்களா இருந்தாங்க" என்பது இரண்டுமில்லை. அதைத் தனித்தாளில் எழுதி வைத்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை, புத்தகத்தில் அதற்கும் இடம் வரும். காலவரிசையில் மட்டும் வராது.

ஜூலை 17

சம்பவங்களை வரிவரியாகக் கம்ப்யூட்டர் ஷீட்டில் ஏற்றுகிறேன். அதில் தேதி என்ற கட்டத்தில் 1980 என்று அடித்தால் 1905-06-02 என்று காட்டுகிறது. வெறும் வருஷத்தை அது நாள்கணக்காக எடுத்துக்கொண்டு 1900-இலிருந்து எண்ணிவிடுகிறது. வரிசைப்படுத்தினால் அப்பாயி சாவு அப்பா பிறப்பதற்கு முன்னால் போய் நிற்கும்.

அதனால் தேதிக்கு இரண்டு கட்டம் வைத்துவிட்டேன். "இதற்கு முன்னால் நடந்திருக்க முடியாது" ஒன்று, "இதற்குப் பின்னால் நடந்திருக்க முடியாது" இன்னொன்று. வருஷம் மட்டும் தெரிந்தால் 1980-01-01, 1980-12-31. நாளே தெரிந்தால் இரண்டிலும் அதே நாள். முதல் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தாலே எதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடுகிறது. ஒரே தேதிக் கட்டம் இருந்தால் தெரியாததையும் தெரிந்தமாதிரி நிரப்பத்தான் கை போகும்.

மற்ற கட்டங்கள்: அப்பாவின் சொந்த வார்த்தை, பக்க எண், எதை வைத்துத் தேதி சொல்கிறோம், யார் சொன்னது.

ஜூலை 18

சர்க்கரை 240.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா எந்தக் கதையையும் வயதை வைத்துத்தான் சொல்கிறார். "எனக்குப் பதினாறு வயசு இருக்கும்." எந்தப் பிறந்தநாளிலிருந்து?

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1947 ஜூன் 1. வாத்தியார் சேர்த்துக்கொள்வதற்காகப் போட்ட தேதி. அந்தத் தலைமுறையில் பாதிப்பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். சர்வீஸ் முழுக்க அதே தேதி, 2007 மே 31-இல் ரிடையர் ஆனதும் அதன்படிதான். ஜாதகத்தில் இருப்பது சர்வஜித்து வருஷம் தை மாசம். அது 1948 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதிக்குள். காந்தி சுடப்பட்ட சேதி வந்தபோது அப்பாயி பிரசவமாகிப் படுத்திருந்தாள் என்று நோட்டிலும் இருக்கிறது. ஆக, 1948 ஜனவரி 30-க்குச் சற்று முன்னால்.

வயதைச் சொல்லும் எல்லா வரிகளையும் ஜாதகத்திலிருந்துதான் எண்ண வேண்டும். பள்ளிக்கூடத் தேதியை எடுத்தால் எல்லாம் ஏழெட்டு மாதம் முன்னால் நகர்ந்துவிடும்.

காசை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று அண்ணன் சொன்னான். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1, அதனால் அணா என்று எழுதியிருப்பதெல்லாம் அதற்கு முன்னால் என்றான். அப்பா போன வாரம் வார்டு பையனிடம் "எட்டணா கூட மீதி இல்லையா" என்று கேட்டார். அணாவை நம்ப முடியாது.

ஜூலை 22

பீரோவில் சர்வீஸ் புத்தகத்தின் நகல் கிடைத்தது. சேர்ந்த தேதி, இடமாற்றம், இன்கிரிமெண்ட் எல்லாம் இருக்கிறது. ஒரே மத்தியானத்தில் காலவரிசைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது.

ஆனால் அப்பா சொல்வதோடு ஒரு இடத்தில் மோதுகிறது. "எமர்ஜென்சியில எங்களப் பிடிச்சுட்டுப் போனாங்க, ஸ்டிரைக்குக்காக" என்று எழுதியிருக்கிறார். ரயில்வே ஸ்டிரைக் 1974 மே 8 முதல் 27 வரை. எமர்ஜென்சி வந்தது 1975 ஜூன் 25 ராத்திரி. ஒரு வருஷம் தள்ளி. அதே பக்கத்தில் "அக்கினி நட்சத்திரம், உள்ளே குடிக்கத் தண்ணி இல்லை" என்கிறார். மே மாதம்தான், சந்தேகமே இல்லை. 1974 என்று போட்டேன்.

அவருடைய வாக்கியத்தை மாற்றவில்லை. அவர் மனதில் அந்த மூன்று வருஷமும் ஒரே பயமாகச் சேர்ந்துபோயிருக்கிறது. புத்தகத்துக்கு அந்தச் சேர்மானமும் வேண்டும். தேதிக் கட்டம் சரியாக இருந்தால் வார்த்தைக் கட்டத்தில் அவர் இஷ்டப்படி இருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் பதிலாக அண்ணன் அம்மா மண்டபம் போய்த் திதி கொடுத்துவிட்டு வந்தான். போகவில்லையே என்று அப்பா பகல் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

ஜூலை 25

அப்பாயி இறந்த தேதி. நோட்டில் இதற்கே நிறையப் பக்கம் இருக்கிறது, ஓரத்தில் சிவப்பு மையில் 1979 என்றும் எழுதியிருக்கிறார். அத்தையோ போனில் "மகாமக வருஷம்டி, எனக்குத் தெரியாதா" என்கிறாள். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை: 1968, 1980, 1992. 1979 வராது.

"எதை வச்சுப்பா எழுபத்தொன்பதுன்னு போட்டீங்க?"

"சித்தார்த்தி வருஷம்மா. கருமாதிப் பத்திரிகையில அடிச்சிருந்துச்சு."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சித்தார்த்தி 1979 ஏப்ரலில் பிறந்து 1980 ஏப்ரலில் முடிகிறது. அதில் சித்திரையிலிருந்து மார்கழி பாதி வரைதான் 1979. தை, மாசி, பங்குனி எல்லாம் 1980. அப்பாயிக்கு வருஷத் திதி மாசி பௌர்ணமி. அப்படியானால் 1980 பிப்ரவரி பாதிக்கும் மார்ச் பாதிக்கும் நடுவில் வந்த பௌர்ணமி. அந்த வருஷம் அது மார்ச் 1, சனிக்கிழமை. கும்பகோணத்தில் மகாமகம் நடந்ததும் அதே நாள்தான்! பெரியப்பா வீட்டார் எடுத்த எடுப்பில் வர முடியாமல் போனதற்கு நோட்டில் காரணம் இல்லை, வெறும் வருத்தம் மட்டும் இருந்தது. அவர்கள் குளக்கரைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. வேறு நோட்டில், எங்கோ ஒரு மூலையில்: "கிரகணத்தன்னைக்கு ரோட்ல ஈ காக்கா இல்ல. அம்மாவுக்குக் கஞ்சி குடுக்கக் கூடாதுன்னு அக்கா சண்டை. நான் குடுத்தேன்." 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம், அமாவாசை. அங்கிருந்து பதினாலு நாளில் மார்ச் 1. கிரகணத்தன்று உயிரோடு இருந்தாள், கஞ்சி குடித்தாள், அடுத்த பௌர்ணமியில் போய்விட்டாள். எங்கெங்கோ கிடந்த பக்கங்கள் அடுத்தடுத்து வந்து நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பதினாலு நாள்தானா" என்று கேட்டார். மறுபடியும் மறுபடியும் கேட்டார்.

அந்த வரியில் இரண்டு தேதிக் கட்டத்திலும் ஒரே நாள்: 1980-03-01.

இதைப் பார்த்தபிறகு, தமிழ் வருஷத்தை வைத்துப் போட்ட மற்ற தேதிகளையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. தை, மாசி, பங்குனியில் நடந்த எதுவானாலும் ஒரு வருஷம் முன்னால் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சித்தப்பா கல்யாணம் தையில். பத்திரிகையில் இரண்டு தேதியும் அடித்திருப்பார்கள், சித்தியிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 26

சர்க்கரை 190. தேதி கொடுக்கவில்லை.

ஜூலை 28

பக்கங்களை வருஷத்துக்கு இத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். 1964, 65 குவியல். பாம்பன் புயலும் இந்திப் போராட்டமும். 1974 குவியல். 1980 முதல் மூன்று மாதம் குவியல். அப்புறம் ஒன்றுமே இல்லை. எம்.ஜி.ஆர். இறந்த அன்று, 1987 டிசம்பர் 24, ரயிலில்லாமல் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்த கதையில்தான் எழுத்து திரும்பவும் ஆரம்பிக்கிறது.

நடுவில் ஏழு வருஷம்.

சர்வீஸ் புத்தகத்தில் அப்போது மானாமதுரை. நாங்கள் திருச்சியிலேயே இருந்தோம், அவர் தனியாகப் போனார். மாதக்கணக்கில் வரமாட்டார். எனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது என் ஞாபகம். "யார் சொன்னது" கட்டத்தில் என் பெயர் போட்டுத் தனி நிறத்தில் வைத்தேன். அதை அவர் குரலில் எழுதிவிடக் கூடாது.

இடமாற்ற உத்தரவுகளை மட்டும், நோட்டுப் பக்க எண் இல்லாமல், வரிகளாகச் சேர்த்தேன். ஆதாரம் இருக்கிறது, நினைவு இல்லை. இந்த வரிகளைச் சேர்க்காமல் விட்டிருந்தால் 1980-க்கு அடுத்த வரி 1987 என்று வந்திருக்கும், வெற்றிடம் கண்ணிலேயே பட்டிருக்காது.

கேட்டேன். "அதெல்லாம் எழுதறதுக்கு என்ன இருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 30

அத்தியாயத் திட்டம். அண்ணன் பத்து வருஷத்துக்கு ஓர் அத்தியாயம் என்கிறான். எனக்குச் சம்மதமில்லை. அப்படிப் பிரித்தால் 1980 மார்ச் ஒரு மூலையில் நசுங்கிப்போகும்.

குவியல் இருக்கும் இடம்தான் அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள், சேரும் வரிகளின் எண்கள், கீழே பதில் கிடைக்காத ஒரு கேள்வி. கிரகணத்திலிருந்து பௌர்ணமி வரை அந்தப் பதினாலு நாள் ஒரு முழு அத்தியாயம். 1948-இலிருந்து 1963 வரை பதினைந்து வருஷத்துக்கும் ஒன்றே போதும். வழக்கங்களாக எழுதியவை எல்லாம் அங்கே போகும். புத்தகம் பிறப்பில் தொடங்க வேண்டியதில்லை. மே மாத வெயிலில் லாக்கப்பில் தொடங்கலாம். ஆனால் அப்படி முன்பின்னாக மாற்றுவதற்கு முன்னால் நேர்வரிசை ஒன்று பிசகில்லாமல் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் எனக்கே எது முன்னால் எது பின்னால் என்று குழம்பிவிடும்.

மானாமதுரைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினேன். தலைப்பு போடவில்லை. ஆறு வரி, எல்லாம் உத்தரவு எண்கள்.

ஜூலை 31

நாளைக் காலை ஆபரேஷன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவே ஆரம்பித்தார். "மானாமதுரையில ஒரு வீடு எடுத்திருந்தேன்மா. எண்பத்திமூணு. இல்ல, எண்பத்திநாலு. இந்திரா காந்தியச் சுட்டப்ப அந்த வீட்லதான் இருந்தேன்." நர்ஸ் வந்து பேசக் கூடாது என்றார்.

எழுதி வைத்தேன். மானாமதுரை வீடு. முன்னால்: 1983-01-01. பின்னால்: 1984-10-31. சொன்னது: அப்பா, வாய்மொழி. பக்க எண் இல்லை. கேட்க வேண்டியது: குவார்ட்டர்ஸ் இருக்கும்போது வீடு எதற்கு, கூட யார் இருந்தது, அத்தைக்குத் தெரியுமா