தார் பாலைவன நாட்குறிப்பு: 16 டிகிரி ஏணி

நவம்பர் 9, 2025, ஞாயிறு

மகள் பாலைவனம் பார்க்க வேண்டும் என்று கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில்தான். ஆனால் ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் மே மாதப் பகல் 42 டிகிரியைத் தாண்டும், இடையிடையே புழுதிப் புயலும் அடிக்கும். அம்மாவையும் கூட்டிப் போவதால் அது நடக்காது.

இன்று மாலை உட்கார்ந்து ஜெய்சால்மரின் மாதாந்திரச் சராசரி வெப்பத்தை வரிசையாக எழுதினேன். பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி குளிர்காலத்தில் மட்டும் பெரிது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மே மாதம் பகல் 42, இரவு 26. அக்டோபரில் 36, 20. ஜனவரியில் 24, 8. மழைக்கால ஈரப்பதம் இருக்கும் சில மாதங்கள் தவிர, எப்போதும் ஏறக்குறைய 16 டிகிரிதான். ஏணியின் நீளம் மாறுவதில்லை. அதை எந்த உயரத்தில் சாத்தி வைப்பது என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

அக்டோபரில் ஏணியின் மேல்படி சுடும், கீழ்ப்படி இதம். ஜனவரியில் மேல்படி இதம், கீழ்ப்படி நடுங்க வைக்கும். சூட்டைத் தணிக்கத் திறந்த மணலில் வழியே இல்லை. குளிரைத் துணியால் தடுக்கலாம். அதனால் பனிக்காலம்தான் என்று முடிவு செய்தேன். பாலைத் திணைக்கு நம் இலக்கணம் வேனிலோடு பின்பனியையும் உரியதாகச் சொல்கிறது. உண்மையில் பிப்ரவரி நடுப்பகுதி இன்னும் கொஞ்சம் சுலபம், பகல் 28, இரவு 11 என்று இருக்கும். எங்களுக்குப் பொங்கல் விடுமுறைதான் வாய்த்தது.

இன்னொரு கணக்கு நிலவு. மணல்மேடு வெள்ளியாகப் பளபளப்பதைப் பார்க்க வேண்டுமானால் பௌர்ணமி. விண்மீன்களுக்கு அமாவாசை. ஜனவரி 18 தை அமாவாசை. மகளுக்கு விண்மீன்தான் வேண்டுமாம். டிசம்பர் கடைசி வாரத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன், அப்போது கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

ஜனவரி 14, 2026, புதன்

பெட்டி கட்டியாயிற்று. திருச்சியில் வாங்கிய ஒரே கனத்த ஜாக்கெட்டை நம்பிப் போவது தவறு என்று, ராஜஸ்தானில் சில காலம் வேலை பார்த்த சித்தப்பா சொன்னார். "ஒரு பெரிய துணி இருந்தா, போட்டா வேர்க்கும், கழட்டினா நடுங்கும். நடுவுல எதுவும் இருக்காது" என்றார். அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று அடுக்கு. உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். இவை தவிரக் காதை மூடும் குல்லா, ஆளுக்கு மூன்று ஜோடி காலுறை, உதட்டுக்குத் தடவ நெய். நிழலில் தொங்கவிட ஒரு சின்ன வெப்பமானியும் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, வெள்ளி, ஜெய்சால்மர்

ஜோத்பூர் வரை விமானம், அங்கிருந்து ரயில். ஜன்னலுக்கு வெளியே நிலம் மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டே வந்தது. நடுநடுவே ஒரு மரம். கேஜ்ரி என்றார்கள். பார்த்ததும் அம்மா "இது வன்னி மரம்டி, நம்ம கோயில்ல இருக்கறதுதான்" என்றாள். அதேதான். ஆயிரம் மைலுக்கு மேல் வந்தும் அவளுக்குத் தெரிந்த மரம் ஒன்று வரவேற்றதில் முகம் மலர்ந்துவிட்டது. வழியெல்லாம் எருக்கும் கூட.

இங்கே சூரியன் உதிக்க ஏழரை ஆகிறது. நாட்டின் மேற்கு ஓரத்தில் இருந்துகொண்டு நாடு முழுமைக்கும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதால் இப்படி. காலை ஆறு மணி என்பது இங்கே நட்ட நடு இருட்டு. நாளைய திட்டத்தை இதை வைத்துத்தான் மாற்றினேன்.

ஜனவரி 17, சனி, கூரி

சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். பெரும்பாலோர் அங்குதான் போகிறார்கள், பாட்டும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். நாங்கள் தென்மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள கூரி கிராமத்துக்கு வந்தோம். மேடுகள் கொஞ்சம் சிறியவை, ஆனால் அமைதி.

இரண்டு மணிக்கு நிழலில் 24 டிகிரி. வெயிலில் மணல் நன்றாகவே சூடேறியிருந்தது, ஆனால் ஒரு சாண் தோண்டிக் கைவிட்டால் ஜில்லென்றிருந்தது. உலர்ந்த மணலுக்குச் சூட்டை உள்ளே கடத்தத் தெரியாது, மணிகளுக்கு நடுவே இருப்பது காற்று. அதனால் வெயிலெல்லாம் மேல்தோலிலேயே தங்கி, சூரியன் போனதும் அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. நம் ஊரில் என்றால் காற்றில் உள்ள ஈரம் ஒரு போர்வை மாதிரி அதைப் பிடித்து வைக்கும். இங்கே அந்தப் போர்வை இல்லை, மேகமும் இல்லை.

மேட்டில் ஏற ஒரு முறை இருக்கிறது. காற்று வீசும் பக்கம் சரிவு மெல்லியது, மணல் இறுகியிருக்கும், வரிவரியாக அலை தெரியும். மறுபக்கம் செங்குத்தாக, தொட்டாலே சரியும் நிலையில் இருக்கும். ஏறுவது முதல் பக்கம், சறுக்குவது இரண்டாவது பக்கம். மகள் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். ஓடி ஏறுவது, உட்கார்ந்து சறுக்குவது, மறுபடி ஏறுவது. மாலை வரை இதுதான். ஸ்வெட்டரில் புரட் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் புல்லின் முள்விதைகள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டன. கம்பளித் துணியோடு அந்தப் புல்லில் உட்காரக் கூடாது.

அம்மாவுக்கு முதுகுவலி. ஜீப் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மேட்டிலிருந்து குதிக்கும்போது இடுப்பெலும்பு வரை அதிர்கிறது, என் கணவர் போய்விட்டு வந்து சொன்னார். அம்மா ஒட்டக வண்டியில் மெத்தை விரித்து ராணி மாதிரி வந்தாள்.

இரவு 9 மணி

இதைக் கொஞ்சம் கலக்கத்தோடுதான் எழுதுகிறேன். சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்தது. அழகில் லயித்துப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு 15 டிகிரி. மகள் ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டும் நடுங்கினாள். பேச்சு குழறியது, ஜாக்கெட் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் கை விட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த பருத்தி டீ ஷர்ட் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மதியம் வெப்பமாக இருந்ததால் தெர்மலைப் பெட்டியில் விட்டுவிட்டு டீ ஷர்ட்டோடு விளையாட அனுப்பியிருந்தேன். பருத்தி குடித்த ஈரத்தைச் சுலபத்தில் விடாது. அதன் மேல் எத்தனை அடுக்குப் போட்டாலும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடனே கூடாரத்துக்குள் கொண்டுபோய், ஈரத்தை அவிழ்த்து, துடைத்து, காய்ந்த தெர்மல் மாட்டி, ரஜாய் எனும் பஞ்சுப் போர்வை இரண்டுக்குள் அம்மாவோடு படுக்க வைத்தேன். சர்க்கரை கூடப்போட்ட சூடான பால். இருபது நிமிடத்தில் நடுக்கம் நின்று, பசிக்கிறது என்றாள். பாஜ்ரா ரொட்டியும் கேர் சாங்கிரிக் கறியும் சாப்பிட்டாள்.

நடுக்கம் நிற்பது எப்போதும் நல்ல அறிகுறி இல்லை. சூடாகி, தெளிவாகப் பேசி நடுக்கம் நின்றால் சரி. குளிரிலேயே இருந்து, தூக்கக் கலக்கத்தோடு நடுக்கம் நின்றால் அது ஆபத்து, மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. அதற்குத்தான் பொத்தான் போடச் சொல்லி மறுபடி மறுபடி பார்த்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை

அதிகாலை 5 மணிக்கு 8 டிகிரி. ஏழரைக்கு, உதயத்தின்போது, 6. நடுராத்திரிதான் அதிகக் குளிர் என்று நினைத்திருந்தேன். இரவெல்லாம் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் உதய நேரம்தான் அடிமட்டம். உதயம் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் கனத்த உடையை அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

கடல் இல்லாத தை அமாவாசை. அம்மா கிணற்று நீரில் குளித்து, கிழக்கே பார்த்து அப்பாவை நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரும் பேசவில்லை.

ஒட்டகச் சவாரி காலை பத்துக்கு. எழும்போது ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் தூக்குகிறது, சவாரி செய்பவர் முன்னால் தூக்கியெறியப்படுவார். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கிறது, மறுபடியும் முன்னால்தான் சாயும். இரண்டு நேரத்திலும் பின்னால் சாய்ந்துகொள்ளச் சொன்னார் ஒட்டகக்காரர். அங்கவடி இல்லாததால் தொடை உரசும், ஒரு மணி நேரம் போதும். அம்மாவை அவர் மாஜி என்றே கூப்பிட்டார், அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொன்னார். வியர்வை வந்ததே தெரியாமல் உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியவில்லை. சிறுநீரின் நிறம் அடர்ந்ததைப் பார்த்துத்தான் நானும் உணர்ந்தேன்.

இன்று நாலேமுக்காலுக்கே எல்லோரையும் கூப்பிட்டு உள்ளாடை முதல் காலுறை வரை மாற்ற வைத்தேன். வெயில் இருக்கும்போது உடை மாற்றுவது சுலபம், நடுங்கும்போது அவிழ்க்க யாருக்கும் மனம் வராது. மகள் முணுமுணுத்தாள். "வேர்க்குதும்மா." "அப்போ மேல் ஜாக்கெட்டைக் கையில வெச்சுக்கோ" என்றேன். ஆறு மணிக்கு அவளே போட்டுக்கொண்டாள்.

இரவில் மணலிலேயே படுக்க ஆசைப்பட்டோம். ஒட்டகக்காரர் இடம் தேர்ந்து கொடுத்தார். உச்சியில் காற்று, பள்ளத்தில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி வந்து தேங்கும். இரண்டுக்கும் நடுவே, காற்று மறைந்த பக்கச் சரிவு. போர்வையை மேலே மட்டும் அடுக்காமல் கீழேயும் மடித்துப் போடச் சொன்னார், உடம்பின் பாரம் அழுத்தும் இடத்தில்தான் சூடு மணலுக்குப் போகிறதாம். ஒரு ரஜாயைக் கீழே விரித்ததும் வித்தியாசம் உடனே தெரிந்தது.

அமாவாசை வானம். கார்த்திகைக் கொத்து, ரோகிணி, திருவாதிரை என்று அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் கேட்டிருந்த மகள், திருவாதிரை சிவப்பாக இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஜனவரி 19, திங்கள்

6 டிகிரி. போர்வையின் மேல் பனி ஈரம். எல்லோரும் நன்றாகத் தூங்கியிருந்தோம், அம்மாவுக்கு மட்டும் மூக்கு உலர்ந்து எரிச்சல், இரண்டு சொட்டு நெய் விட்டதும் அடங்கியது. ஒன்பது மணிக்குள் குல்லா போயிற்று, பத்துக்கு ஜாக்கெட், பதினொன்றுக்கு ஸ்வெட்டர். மகள் மடியில் துணிக் குவியலோடு வண்டி ஜன்னலில் இருக்கிறாள், புரட் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு.