போட்டோவுல பாத்து சொன்ன பேரிங் நம்பர்

கோயம்புத்தூர்ல ஒரு பேரிங் கடையில கவுண்டர்ல நிக்கிறவன் நான். முன்னாடியெல்லாம் பழைய பேரிங்கை ஒரு துணியில சுத்தி கையில கொண்டு வருவாங்க, நாம வெர்னியர் வச்சு அளந்து குடுத்துருவோம், அஞ்சு நிமிஷ வேலை. இப்ப காலையில கடை திறக்கறதுக்குள்ள வாட்ஸ்அப்ல ஏழெட்டு போட்டோ வந்து கெடக்கும், கீழ "இது என்ன நம்பர், ரேட் என்ன"ன்னு ஒரு வரி. அந்த போட்டோல பாதி பேரிங் கிரீஸ்ல முங்கி கெடக்கும், மீதி பாதிய எடுத்தவரோட கட்டைவிரல் மறைச்சிருக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கு ஒரு கர்வம் இருந்துச்சு, போட்டோவ பாத்ததும் நம்பர் சொல்லிருவேன்னு. அது எப்படி போச்சுன்னு சொல்றேன்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னை நார் மில்லு, அங்க கன்வேயர் ஓட்டுற சின்ன மோட்டார் ஒண்ணு சத்தம் போட ஆரம்பிச்சிருக்கு. ஃபேன் பக்கத்து கவரைக் கழட்டி ரோட்டரை வெளிய எடுத்து, பேரிங் ஷாஃப்ட்லயே இருக்கப்ப போட்டோ எடுத்து அனுப்புனாரு. மேல உருண்டைகள மூடுற ஷீல்டு தெரியுது, ஓரத்துல நம்பர் அடிச்சிருக்கு, ஆனா கிரீஸ் ஒரு திட்டு சரியா நடுவுல ஒக்காந்திருக்கு. 6, அப்புறம் ஒண்ணும் தெரியல, அப்புறம் 0, 5. இந்தப் பக்கம் இரும்பு ஷீல்டு. அவ்வளவுதான்.

பேரிங் நம்பர் தெரிஞ்சவங்களுக்கு புரியும், இங்க மறைஞ்சது சாதாரண எழுத்து இல்ல. கடைசி ரெண்டு நம்பர் உள் ஓட்டை சைஸ சொல்லும், 05னா அஞ்சால பெருக்கி 25 மில்லிமீட்டர் (04லருந்து மேல இந்த கணக்கு செல்லும், 00, 01, 02, 03க்கு மட்டும் 10, 12, 15, 17ன்னு மனப்பாடம் பண்ணிக்கணும்). ரெண்டாவது நம்பர் தான் அது மெலிசு பேரிங்கா கனத்த பேரிங்கான்னு சொல்றது. 6205னா வெளி அளவு 52, அகலம் 15. 6305னா வெளி அளவு 62, அகலம் 17. உள்ள ரெண்டுக்கும் அதே 25 தான். ஆக அந்த ஒரு கிரீஸ் திட்டுக்குக் கீழ 10 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு.

எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு, அது தப்பான ஐடியாவும் இல்ல. போட்டோல பக்கத்துல ஸ்கேல் இல்லாட்டி மில்லிமீட்டர் தெரியாது, ஆனா விகிதம் தெரியும்ல? 52ஐ 25ஆல வகுத்தா ரெண்டுக்கு கொஞ்சம் மேல. 62ஐ 25ஆல வகுத்தா கிட்டத்தட்ட ரெண்டரை. போட்டோவ கம்ப்யூட்டர்ல பெருசாக்கி ஸ்கேல வச்சு ஸ்க்ரீன்லயே அளந்தேன், ரெண்டரைக்கு ரொம்ப பக்கத்துல வந்துச்சு. "6305ங்கண்ணா, அனுப்பட்டுமா?"ன்னு கேட்டேன். அவரு "அனுப்பு தம்பி"ன்னுட்டாரு. உக்கடத்துல பஸ் பார்சல்ல போட்டாச்சு.

சாயங்காலம் போன். "தம்பி இது கவருக்குள்ளயே போகல, பூதம் மாதிரி இருக்கு."

நான் அளந்தது பேரிங்கோட உள் ஓட்டையே இல்ல, ஷாஃப்ட்டோட நுனி. ஃபேன் மாட்டுறதுக்காக அந்தப் பக்கம் ஷாஃப்ட்டை ஒரு படி கொறச்சு கடைஞ்சிருப்பாங்க, பேரிங் ஒக்கார்ற எடம் 25, அதுக்கு முன்னாடி நீட்டிட்டு இருந்தது 21. படி எறங்குற எடத்துல கிரீஸ் அப்பியிருந்ததுனால போட்டோல ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சுது. 52ஐ 21ஆல வகுத்துப் பாருங்க, 2.48. 62ஐ 25ஆல வகுத்தாலும் 2.48. இப்படி அச்சு அசலா பொருந்துனா யாரு சந்தேகப்படுவா? நான் படலை. மில்லு மறுநாள் மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு, 6205 நானே பஸ்ல ஏறி கொண்டுபோய் குடுத்தேன், மொதலாளி ஒரு வார்த்த திட்டலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

திரும்ப வர்றப்ப பஸ்ல யோசிச்சேன். தப்பு கணக்குல மட்டும் இல்ல. நான் ஊகிச்சத, கண்ணால பாத்த மாதிரியே ஒரே மூச்சுல சொன்னதுதான் பெரிய தப்பு. அவருக்கு 6, 0, 5, இரும்பு ஷீல்டு இதெல்லாம் நான் போட்டோல படிச்சது, நடுவுல இருக்கற 3 மட்டும் நானா போட்டதுன்னு தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா அவரு கையில ரோட்டர் இருக்கு, ஒரு நிமிஷத்துல அளந்து சொல்லியிருப்பாரு.

அதுக்கப்புறம் பதில் அனுப்புற விதத்தையே மாத்திட்டேன். மொதல்ல சதவீதம் போட்டுப் பாத்தேன், "எம்பது பர்சன்ட் 6205"ன்னு. பிரயோஜனமில்ல. எம்பதுன்னு சொன்னா கேக்கறவரு காதுல "ஆமா"ன்னு தான் விழுது, அறுவதுன்னாலும் அதேதான். அதனால இப்ப மூணே வார்த்தை. "உறுதி"ன்னா நம்பர் முழுசா படிக்க முடிஞ்சுது, அளவும் ஒத்துப்போகுது, வாங்கிக்கலாம். "அநேகமா"ன்னா ஒரு பகுதி ஊகம், எது ஊகம்னு கூடவே சொல்லிருவேன், அளந்துட்டு தான் வாங்கணும். "தெரியல"ன்னா பொருளக் கையில கொண்டு வாங்க. மொத்த பதிலுக்கும் சேத்து ஒரே வார்த்த போட்டா பத்தாது, நம்பர துண்டு துண்டா பிரிச்சு சொல்லணும். அன்னைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய மெசேஜ் இது: "6, 05, இந்தப் பக்கம் இரும்பு ஷீல்டு, இதெல்லாம் தெரியுது. நடுநம்பர் கிரீஸ்ல மறைஞ்சிருக்கு, அநேகமா 2 இல்லாட்டி 3. வெளி அளவு 52னா 6205, 62னா 6305. அளந்து சொல்லுங்க."

வெர்னியர் இல்லைம்பாங்க. நூல் இருக்கும்ல? பேரிங்கோட வெளி வளையத்த சுத்தி ஒரு சுத்து நூல இழுத்து சுத்தி, அத நீட்டி ஸ்கேல்ல வச்சா போதும். 52க்கு 163 மில்லிமீட்டர் சுமாரா வரும், 62க்கு 195. நூல் ரெண்டு மூணு மில்லிமீட்டர் முன்னப்பின்ன ஆனாலும் பதில் மாறாது. நேரா ஸ்கேல வச்சு விட்டத்த அளந்தா நடுவுல வைக்கலைன்னாலே மூணு நாலு மில்லிமீட்டர் ஓடிரும், அதுக்கு நூல் எவ்வளவோ மேல்.

ஆனா எத அளக்க சொல்றோம்ங்கறது இருக்கே, அதுலயும் நான் ஒரு தடவ ஏமாந்தேன். சந்தேகத்துல இருக்கற ரெண்டு நம்பரையும் பிரிச்சுக் காட்டுற அளவா இருக்கணும், இல்லாட்டி அளந்தும் அளக்காத மாதிரி தான். 6204ஐயும் 6303ஐயும் எடுத்துக்கங்க. ரெண்டுக்கும் வெளி அளவு 47, ரெண்டுக்கும் அகலம் 14. வெளியில என்ன அளந்தாலும் பதில் கிடைக்காது, உள் ஓட்டை 20ஆ 17ஆன்னு பாத்தா தான் தெரியும். 6206க்கும் 6305க்கும் வெளி அளவு 62 தான், அகலத்துல 1 மில்லிமீட்டர் வித்தியாசம், அத கிரீஸோட ஸ்கேல்ல அளக்க சொல்றது வீண், அங்கயும் உள் ஓட்டை தான், 30ஆ 25ஆ. நான் பாட்டுக்கு எல்லாருக்கும் "வெளி அளவு சொல்லுங்க"ன்னு ஒரே மெசேஜ் அனுப்பிட்டிருந்தேன், ஒருத்தரு 47ன்னு அனுப்புனதும் தான் முழிச்சேன்.

மங்கலான போட்டோல இன்னொரு தொல்லை 5ம் 6ம். கொஞ்சம் ஷேக் ஆனா 6205, 6206 ரெண்டும் ஒண்ணா தெரியும், 3ம் 8ம் கூட அப்படித்தான். பெருசாக்கி பாத்தா தெளிவாகும்னு நெனைக்கிறோம், ஆனா பெருசாக்க ஆக்க நம்ம மனசுல எந்த நம்பர் இருக்கோ அதுதான் தெரியுது, என்னை நம்புங்க. அதுக்கு நல்ல போட்டோவா திரும்ப கேக்கறதே மேல். மண்ணெண்ணெய் தொட்ட துணியில தொடைச்சுட்டு, டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாச்சு அடிச்சா எழுத்தோட பள்ளத்துல நிழல் விழும், நம்பர் எழும்பி நிக்கும். ஃபிளாஷ் போட்டா இரும்பு பளபளன்னு வெள்ளையாயிரும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புனா சுருக்காம அப்படியே வரும், இது பாதி பேருக்கு தெரியாது.

போட்டோ எவ்வளவு நல்லா இருந்தாலும், எழுத்து தேஞ்சிருந்தா "உறுதி"ன்னு சொல்ல முடியாத ஒண்ணும் இருக்கு, நம்பருக்குப் பின்னாடி வர்ற சி3. உள்ள உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி சாதாரணத்த விட கொஞ்சம் அதிகம்னு அர்த்தம். மோட்டார் சூடாகுறப்ப உள்வளையம் வெளிவளையத்த விட அதிகமா விரியும், அந்த இடைவெளி சுருங்கும், அதனால மோட்டாருக்கு பெரும்பாலும் சி3 கேப்பாங்க. 25 மில்லிமீட்டர் பேரிங்ல சாதாரண இடைவெளி 5லருந்து 20 மைக்ரான், சி3னா 13லருந்து 28. இத எந்த போட்டோல பாக்க? அடிச்சிருக்கற எழுத்து தெரிஞ்சா உண்டு, அது தேஞ்சு போச்சுன்னா இல்ல. 6305 மாதிரி தப்பு அன்னைக்கே உள்ள போகாம காட்டிக்குடுத்துரும். இது அப்படியில்ல, கச்சிதமா ஒக்காரும், நல்லாவும் ஓடும், சில மாசம் கழிச்சு சூடாகி இறுகும், அப்ப "உங்க பேரிங் சரியில்ல"ம்பாங்க. அதனால இப்ப அந்த வரிய தனியா போடறேன்: "சி3யான்னு போட்டோல தெரியல, மோட்டார் பேர்பலகையில பேரிங் நம்பர் இருந்தா அத போட்டோ எடுங்க." எல்லா மோட்டார்லயும் இருக்காது, இருந்தா வேலை முடிஞ்சுது.

அதோட பழைய பேரிங் மேல இருக்கற நம்பரே அந்த மெஷினுக்கு உண்டானதான்னும் சொல்ல முடியாது. முன்னாடி பாத்த மெக்கானிக் கவரு தேஞ்சுபோச்சுன்னு உள்ள புஷ்னு ஒரு வளையம் அடிச்சு வேற சைஸ் போட்டிருப்பாரு. போட்டோ முழுசா தெளிவா இருந்தா "இதுல இருக்கற பேரிங் இது"ன்னு தான் நான் உறுதி சொல்ல முடியும், "இந்த மெஷினுக்கு இதுதான்"ன்னு இல்ல.

பக்கத்து கடை பையன் கேட்டான், இப்படி நீட்டி எழுதுனா கஸ்டமர் வேற கடைக்கு போயிர மாட்டாங்களான்னு. சில பேர் போறாங்க தான். "அவன் டக்குனு சொல்லிட்டான், நீ என்னப்பா அளக்க சொல்ற"ன்னு ஒருத்தரு கோவிச்சுக்கிட்டாரு, அது நியாயமான கோவம் தான், மெஷின் நிக்கறப்ப யாருக்கு நூல் சுத்த பொறுமை இருக்கும்.

அந்த 47காரர் கதைய பாதியில விட்டுட்டேன். அவருது ஒரு மாவு மில்லு மெஷின். நம்பர் முழுசா அழிஞ்சிருந்துச்சு, வெளி அளவு 47ன்னு அனுப்புனாரு, அகலம் கேட்டேன், 14ன்னாரு. 6204ஆ 6303ஆ, ரெண்டுக்கும் அதே அளவு தான். உள் ஓட்டைய அளங்கண்ணான்னா, ஷாஃப்ட்லருந்து கழட்ட புல்லர் இல்லைன்னாரு. பேரிங்குக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற ஷாஃப்ட் 17 வருதுப்பா, அப்ப 6303 தானேன்னு அவரே கேட்டாரு. எனக்கு பொள்ளாச்சி ஞாபகம் வந்துச்சு. "தெரியலங்கண்ணா, ஷாஃப்ட்டோட கொண்டு வாங்க"ன்னு போட்டேன். மறுநாள் காலையில கோணிப்பையில போட்டு வண்டியில கட்டி கொண்டு வந்தாரு, கடையில புல்லர் போட்டு இழுத்து வெர்னியர வச்சோம். 20. பேரிங்க தாண்டினதும் படி எறங்கி 17.